‘பேங்க் பேர்லதானே மெசேஜ் வந்துச்சு?’: ஸ்பூஃபிங்குக்கும் ஃபிஷிங்குக்கும் என்ன வித்தியாசம்?

“பேங்க் பேர்லதானே மெசேஜ் வந்துச்சு, அது எப்படிப் பொய்யா இருக்கும்?”

பணம் போன பிறகு வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் “லிங்க்கைத் தொடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்” என்பதோடு முடிந்துவிடுகிறது. அவர் கேட்டது லிங்க்கைப் பற்றி அல்ல. அனுப்பியவர் பெயரைப் பற்றி. அந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்ல, இரண்டு வேறு பொய்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, யார் அனுப்பியது என்பதில் சொல்லப்படும் பொய். போனின் திரையில் மேலே தெரியும் பெயரையோ எண்ணையோ போலியாகக் காட்டுவது. இதுதான் ஸ்பூஃபிங். இன்னொன்று, எதற்காகக் கேட்கிறோம் என்பதில் சொல்லப்படும் பொய். ‘பான் எண்ணைப் புதுப்பிக்கணும்’, ‘கணக்கு முடங்கிடும்’ என்று காரணம் சொல்லி, நம் கையாலேயே பாஸ்வேர்டையும் ஓடிபி-யையும் கொடுக்க வைப்பது. இது ஃபிஷிங். தபால் கணக்கில் சொன்னால், கவர் மேலே அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதுவது முதலாவது. உள்ளே இருக்கும் கடிதத்தில் ‘பாஸ்புக்கையும் கையெழுத்தையும் அனுப்பி வையுங்கள்’ என்று எழுதுவது இரண்டாவது.

இரண்டும் சேர்ந்தும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். கவர் உண்மையாக இருந்து கடிதம் மட்டும் பொய்யாகவும் இருக்கலாம். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். திண்டிவனத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக விழுப்புரத்தில் வேலை பார்த்ததால் பென்ஷன் கணக்கு விழுப்புரம் கிளையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ. ஒரு வேலைக்காக 40 கிலோமீட்டர் பஸ் ஏறிக் கிளைக்குப் போய் வருவதைவிட போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்கிற ஆள். இவர் கற்பனைதான். ஆனால் இப்படி ஒருவர் இந்த வரியைப் படிக்கும் பாதிப் பேர் வீட்டில் இருப்பார்.

மெசேஜ் ஒன்று: கவரில் பொய்யே இல்லை

‘அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் எஸ்பிஐ யோனோ கணக்கு இன்று முடக்கப்பட்டது. பான் எண்ணைப் புதுப்பிக்கக் கீழே உள்ள லிங்க்கை அழுத்தவும்.’ சில ஆண்டுகளாக நாடு முழுக்கச் சுற்றிய மெசேஜ் இது. இது போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை அறிவித்துவிட்டது. ஆனாலும் வார்த்தைகள் கொஞ்சம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. 2023 மார்ச்சில் மும்பையில் ஒரு தனியார் வங்கியின் சுமார் 40 வாடிக்கையாளர்கள், கேஒய்சி மற்றும் பான் விவரம் கேட்டு வந்த இதே மாதிரி மெசேஜை நம்பி மூன்றே நாளில் லட்சக்கணக்கில் பணத்தை இழந்தார்கள்.

இந்த வகை மெசேஜ் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து. அதாவது ஸ்பூஃபிங்கே நடக்கவில்லை. அனுப்பியவர் தன் எண்ணை மறைக்கக்கூட இல்லை. யாரோ ஒருவர் பெயரில் வாங்கிய சிம் கார்டிலிருந்து நேராக அனுப்பியிருக்கிறார். வங்கியின் பெயர் மெசேஜின் உள்ளே மட்டும்தான் இருக்கிறது. “பேங்க் பேர்ல வந்துச்சு” என்று அப்பா சொல்லும்போது, பேர் மேலே இருந்ததா, உள்ளே இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் உள்ளேதான் இருந்திருக்கும்.

வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான். புகைப்பட இடத்தில் வங்கி லோகோ, பெயர் இடத்தில் வங்கிப் பெயர். அந்த இரண்டையும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கீழே எண்ணைப் பார்த்தால் சாதாரண மொபைல் எண்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நம் நாட்டில் வங்கியின் கணக்குத் தகவல் எஸ்எம்எஸ் 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. அவ்வளவுதான், அடுத்த வரியைப் படிக்கவே வேண்டாம்.

மெசேஜ் இரண்டு: கவரே பொய்

இப்போது கடினமான வகைக்கு வருவோம். இதற்குச் சிங்கப்பூர் வரை போக வேண்டும். 2021 டிசம்பரில் அங்கே ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு, கணக்கில் பிரச்சினை என்று சொல்லி லிங்க்குடன் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. அது தெரியாத எண்ணிலிருந்து வரவில்லை. வங்கி இதுவரை அனுப்பிய உண்மையான ஓடிபி-களும் அறிவிப்புகளும் இருக்கும் அதே இழையில், அவற்றுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. 790 பேர் மாட்டினார்கள். போன பணம் 1.37 கோடி சிங்கப்பூர் டாலர்.

எப்படி அதே இழைக்குள் நுழைந்தது? இங்கே போனை ஏமாற்றுவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸிலும் ‘அனுப்புநர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எண்ணும் இருக்கலாம், 11 எழுத்துகள் வரை ஒரு பெயரும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் இருப்பதை உங்கள் போன் சரிபார்ப்பதில்லை. ஒரே பெயரில் வருவதையெல்லாம் ஒரே இழையில் அடுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அப்போது சிங்கப்பூரில் பெயரைப் பதிவு செய்வது கட்டாயமாக இல்லை. அதனால் வேறு யாரோ அந்தப் பெயரை எழுதி அனுப்பியபோது தடுக்க ஆளில்லை.

கவனியுங்கள், இந்த 790 பேர் “அனுப்புநரைப் பார்த்துட்டு அப்புறம் நம்புங்க” என்ற அறிவுரையைச் சரியாகப் பின்பற்றியவர்கள். பெயரைப் பார்த்தார்கள், பழைய மெசேஜ்களைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. ஸ்பூஃபிங் நடந்தால் வாடிக்கையாளரின் கண்ணுக்கு அது தெரியாது. அது தெரியாமல் இருக்கத்தான் செய்கிறார்கள். வங்கி கடைசியில் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் நல்லெண்ண அடிப்படையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2022 ஜனவரியில் சிங்கப்பூரின் நிதி ஆணையம், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல்களில் அழுத்தக்கூடிய லிங்க்கே வைக்கக் கூடாது என்று வங்கிகளிடம் சொன்னது. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ்களுக்கு ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரை விழ ஆரம்பித்தது.

சரி, திண்டிவனத்தில் இது நடக்குமா?

அவ்வளவு சுலபமாக நடக்காது. காரணம், இந்தியாவில் அந்தப் பதிவேடு முன்பே வந்துவிட்டது. டிராய் 2018-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் எந்த நிறுவனமும் தன் பெயரைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெயருக்கு ‘ஹெடர்’ என்று பெயர். அனுப்பப்போகும் மெசேஜின் வார்ப்பையும் பதிவு செய்ய வேண்டும். பொருந்தாத மெசேஜை நிறுவனமே நிறுத்திவிடும்.

உங்கள் போனில் வங்கி மெசேஜ் ஒன்றைத் திறந்து மேலே பாருங்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
VM-SBIUPI-S
JD-SBIUPI-S
```

நடுவில் இருப்பதுதான் ஹெடர். இதில் `SBIUPI`. முன்னால் இருக்கும் இரண்டு எழுத்துகள் மெசேஜ் எந்த வழியாக வந்தது என்று சொல்கின்றன. முதல் எழுத்து நிறுவனம்: ஏர்டெல் என்றால் A, ஜியோ J, வோடஃபோன் ஐடியா V, பிஎஸ்என்எல் B. இரண்டாவது எழுத்து தொலைத்தொடர்பு வட்டம்: டெல்லி D, மும்பை M, தமிழ்நாடு T. கடைசியில் வரும் ஒற்றை எழுத்து 2025-ல் சேர்ந்தது: விளம்பரம் என்றால் P, சேவைத் தகவல் S, பரிவர்த்தனை T, அரசு அறிவிப்பு G.

பெரியவர்கள் அடிக்கடி பயப்படும் இடம் ஒன்று உண்டு. “நேத்து VM-ன்னு வந்துச்சு, இன்னிக்கு JD-ன்னு வருது, இது போலியா?” இல்லை. வங்கி எந்த நிறுவனத்தின் வழியாக அனுப்பியதோ அதைப் பொறுத்து முதல் இரண்டு எழுத்து மாறும். நாம் திண்டிவனத்தில் இருந்தாலும் மும்பை, டெல்லி என்று வரும். நிலையாக இருக்க வேண்டியது நடுவில் உள்ள ஹெடர். அது யாருடையது என்று சந்தேகம் வந்தால் டிராயின் `smsheader.trai.gov.in` தளத்தில் அந்த எழுத்துகளைத் தட்டிப் பார்க்கலாம், எந்த நிறுவனம் பதிவு செய்தது என்று காட்டும்.

2024 அக்டோபர் 1 முதல் இன்னொரு பூட்டும் விழுந்தது. ஹெடர் சரியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் லிங்க் முன்பே பதிவு செய்யப்பட்டதாக இல்லையென்றால் மெசேஜ் நிறுத்தப்படும். இது சும்மா வரவில்லை. அதற்கு முன்பு, பதிவான வார்ப்பில் ‘இங்கே பெயர், இங்கே தொகை’ என்று காலியாக விட்டிருக்கும் இடத்தில் மோசடி லிங்க்கைத் திணித்து, வேறொரு நிறுவனத்தின் உண்மையான ஹெடரிலேயே அனுப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது. கவர் உண்மை, கடிதம் பொய் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

அப்படியென்றால் ஸ்பூஃபிங்குக்குக் கதவு முழுக்க மூடிவிட்டதா? ஒரு சந்து பாக்கி இருக்கிறது. மேலே சொன்ன பூட்டுகள் எல்லாம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியாக வரும் மெசேஜுக்குத்தான். ‘எஸ்எம்எஸ் பிளாஸ்டர்’ என்ற கருவி நிறுவனத்தின் வழியே போவதில்லை. அது தானே ஒரு குட்டி டவராக நடிக்கும். அருகில் இருக்கும் போன்களைத் தன் பக்கம் இழுத்து, 2ஜி-க்கு இறக்கி, எந்தப் பெயரில் வேண்டுமானாலும் எஸ்எம்எஸ்ஸைத் தள்ளும். 2ஜி-யில் போன் தன்னை டவரிடம் நிரூபிக்க வேண்டும். டவர் தன்னைப் போனிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய ஓட்டையில்தான் இது ஓடுகிறது. 2025 மார்ச்சில் லண்டனில் இப்படி ஒரு கருவியைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றியவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

புதிய ஆண்ட்ராய்டு போன்களில் 2ஜி-யை அணைத்து வைக்கும் வசதி சிம் அமைப்புகளுக்குள் இருக்கிறது. நகரத்தில் இருக்கும் உங்கள் போனில் தாராளமாக அணைக்கலாம். ஆனால் ஊர்ப்பக்கம், சிக்னல் இழுத்துப் பிடித்து வரும் இடத்தில் இருக்கும் அப்பா போனில் நான் அதைத் தொட மாட்டேன். அவசரத்துக்குக் கால் கிடைக்காமல் போனால் அது வேறு வம்பு. தெருவில் கார் ஓட்டிக்கொண்டு வந்து ஏமாற்றுபவனைவிட, எங்கோ உட்கார்ந்து சிம் கார்டு வழியாக ஆயிரம் பேருக்கு அனுப்புபவன்தான் அவருக்கு அதிக ஆபத்து.

ஓடிபி மட்டும் உண்மையானது

ஸ்பூஃபிங் நடந்தாலும் நடக்காவிட்டாலும், பணம் போவதற்கு ஃபிஷிங் என்ற இரண்டாம் படி தேவை. பெயரைப் போலியாகக் காட்டுவதால் மட்டும் ஒரு ரூபாய்கூட நகராது. அதனால் நம் ஆசிரியர் லிங்க்கை அழுத்திவிட்டார் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு நடப்பதைப் பார்ப்போம்.

வங்கியின் தளம் போலவே ஒரு பக்கம் திறக்கிறது. யூசர் ஐடி, பாஸ்வேர்டு கேட்கிறது. அவர் தட்டுகிறார். அது நேராக மோசடிக்காரரின் திரைக்குப் போகிறது. அவர் அதை அப்படியே உண்மையான வங்கித் தளத்தில் போடுகிறார். உடனே உண்மையான வங்கி, உண்மையான ஹெடரிலிருந்து, உண்மையான ஓடிபி-யை நம் ஆசிரியருக்கு அனுப்புகிறது.

இந்த இடம்தான் மொத்தக் கதையின் நடு மையம். அதுவரை கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தாலும், ‘பேங்க்கிலிருந்தே ஓடிபி வந்துடுச்சே’ என்று அது கரைந்துவிடுகிறது. போலிப் பக்கத்துக்கு உண்மையான வங்கியே சாட்சி சொன்னது போல ஆகிவிடுகிறது. அவர் ஓடிபி-யைப் போலிப் பக்கத்தில் தட்டுகிறார். ‘காத்திருக்கவும்’ என்று ஒரு வட்டம் சுற்றுகிறது. பிறகு ‘ஓடிபி தவறு, மீண்டும் உள்ளிடவும்’ என்று வருகிறது. தவறே இல்லை. முதல் ஓடிபி உள்ளே நுழையவோ, செயலியைப் புதிய போனில் பதிவு செய்யவோ போயிருக்கும். பணத்தை அனுப்ப இரண்டாவது ஓடிபி தேவை. அதற்காகத்தான் மறுபடி கேட்கிறது.

அவரைத் தடுக்கக்கூடிய ஒரே வரி அந்த ஓடிபி மெசேஜிலேயே இருக்கிறது. இது எதற்கான ஓடிபி என்று வங்கி பெரும்பாலும் எழுதியிருக்கும்: புதிய பயனாளியைச் சேர்க்க, இவ்வளவு ரூபாய் அனுப்ப, செயலியைப் பதிவு செய்ய. பான் எண்ணைப் புதுப்பிக்க உட்கார்ந்தவருக்கு ‘பயனாளியைச் சேர்க்க’ என்று ஓடிபி வந்தால் கதை அங்கேயே முடிந்துவிட வேண்டும். ஆனால் நாம் எல்லோருமே ஆறு இலக்கத்தை மட்டும்தான் பார்க்கிறோம். போனே மேலே ஒரு பட்டையில் எண்ணை எடுத்துக் கொடுத்துவிடுகிறது, மெசேஜைத் திறக்கவே தேவையில்லை. வீட்டில் பெரியவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லித்தர நேரம் இருந்தால், எண்ணுக்கு முன்னால் இருக்கும் வார்த்தைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

லிங்க்குக்குப் பதில் ஏபிகே கோப்பு வரும் வகையும் உண்டு. ‘ரிவார்டு பாயின்ட் காலாவதியாகுது, இந்த ஆப்பைப் போடுங்க’ என்று எஸ்பிஐ பெயரில் சுற்றியது அப்படிப்பட்டது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபி-யை யாரும் கேட்கவே வேண்டாம், அதுவே எடுத்து அனுப்பிவிடும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் நவம்பர் மாதத்தில், அதையே காரணமாகச் சொல்லி மெசேஜும் அழைப்பும் வந்தால் கூடுதல் கவனம் தேவை. காரணம் உண்மையானது என்பதால் நம்பத் தோன்றும்.

லிங்க்கைப் படிக்கத் தெரிந்தால்

2025-ல் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்தது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றது. இந்தப் பெயரை வங்கி அல்லாதவர்கள் வாங்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே பதிவு செய்து கொடுக்கும். எஸ்பிஐ-யின் முகவரி இப்போது `sbi.bank.in`.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கீழே இருக்கும் இரண்டையும் பாருங்கள். இரண்டாவது நான் எழுதிய மாதிரி.

```
https://sbi.bank.in/
https://sbi.bank.in.pan-update.example/
```

இரண்டிலும் `sbi.bank.in` இருக்கிறது. ஆனால் முகவரியின் உண்மையான சொந்தக்காரர் யார் என்பது இரட்டைக் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைக் கோட்டுக்கு முன்னால், கடைசியாக என்ன இருக்கிறது என்பதில்தான் தெரியும். இரண்டாவதில் அது `pan-update.example`. முன்னால் இருப்பது வெறும் அலங்காரம். போனின் குறுகிய திரையில் முகவரியின் முன்பகுதி மட்டும் தெரிந்து மீதி மறைந்துபோவது மோசடிக்காரருக்கு வசதி.

உண்மையைச் சொன்னால், 68 வயதுக்காரரிடம் இதை விளக்கி, ஒவ்வொரு முறையும் பார்த்துச் செய்யச் சொல்வது நடக்கிற காரியமில்லை. மெசேஜில் இருக்கும் லிங்க் வழியாக வங்கிக்குப் போகவே வேண்டாம், போனில் ஏற்கெனவே இருக்கும் செயலியைத் திறந்தால் அங்கே அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முகவரியைப் படிக்கும் வேலை உங்களுக்கு. அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்போது நீங்கள் பார்க்க.

பணம் போய்விட்டால் விழுப்புரம் கிளையின் காலண்டர்

ஸ்பூஃபிங், ஃபிஷிங் என்று பெயர் பிரிப்பது வெறும் அகராதி வேலை இல்லை என்பது பணம் போன பிறகுதான் தெரியும். நஷ்டம் யார் தலையில் என்பதை 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறு இல்லாமல், வேறு எங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நம் பொறுப்பு. ஆனால் பாஸ்வேர்டு, ஓடிபி போன்றவற்றைப் பகிர்ந்த அலட்சியத்தால் போயிருந்தால், வங்கியிடம் சொல்லும் நிமிடம் வரை போன பணம் முழுக்க நம்முடையது. சொன்ன பிறகு போவது வங்கியுடையது.

அதாவது மெசேஜ் ஸ்பூஃப் செய்யப்பட்டது என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கடைசியில் ஓடிபி-யை யார் கையால் கொடுத்தது என்பதைத்தான் வங்கி கேட்கும். அதே நேரம், வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது என்றும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. ‘நீங்க ஓடிபி குடுத்திருப்பீங்க சார்’ என்று கவுன்ட்டரில் சொல்வது நிரூபணம் ஆகாது. குவாஹாட்டியில் ஒரு எஸ்பிஐ வாடிக்கையாளர், ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது, கடையின் வாடிக்கையாளர் சேவை என்று பேசியவரை நம்பி ஒரு செயலியை நிறுவி 94,204 ரூபாய் 80 காசு இழந்தார். ஒரே நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டார். குவாஹாட்டி உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2025 ஜனவரி 3-ம் தேதி உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஓடிபி-யை யாரிடமும் பகிரக் கூடாது என்று வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்தே சொன்னது.

இந்த ‘மூன்று வேலை நாள்’ கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தகவல் கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது. மீதி நாட்களைக் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாட்களை வைத்து எண்ண வேண்டும். நம் ஆசிரியர் இருப்பது திண்டிவனம், ஆனால் எண்ண வேண்டியது விழுப்புரம் கிளையின் காலண்டரை. வியாழக்கிழமை இரவு ‘பணம் எடுக்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்தால் வெள்ளி முதல் நாள். அடுத்து வருவது இரண்டாம் சனிக்கிழமை என்றால் கிளை விடுமுறை, ஞாயிறும் விடுமுறை. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. செவ்வாய்க்குள் சொல்லியிருக்க வேண்டும்.

இது சட்டக் கணக்கு. பணத்தின் கணக்கு வேறு. அது நிமிடங்களில் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டிருக்கும். அதனால் வியாழன் இரவே 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், பணம் போய் நிற்கும் கணக்கை முடக்க வழி இருக்கிறது. `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஆனால் 1930-ல் சொன்னதோடு ‘சொல்லியாச்சு’ என்று உட்கார்ந்துவிட வேண்டாம். மேலே சொன்ன மூன்று நாள் கடிகாரம் வங்கியிடம் சொல்வதற்கானது. வங்கியின் 24 மணி நேர எண்ணிலும் அன்றிரவே தனியாகப் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைக்க வேண்டும். கிளை திறக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்று, அந்த மெசேஜை அழிக்காதீர்கள். பயத்திலும் அவமானத்திலும் பெரியவர்கள் முதலில் செய்வது அதைத்தான். அனுப்புநர் பெயர் முழுதாகத் தெரியும்படி, முன்னால் இருக்கும் இரண்டு எழுத்துகளும் விழும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 10 இலக்க எண்ணிலிருந்து வந்ததா, வங்கியின் இழைக்குள்ளேயே வந்ததா என்பது அதில்தான் இருக்கிறது. வங்கியின் இழைக்குள்ளேயே வந்த மெசேஜை நம்பியவரை ‘அலட்சியமாக இருந்தார்’ என்று சொல்வது வங்கிக்குக் கொஞ்சம் கஷ்டம் என்பது என் கருத்து. பணம் எதுவும் போகவில்லை, மெசேஜ் மட்டும் வந்தது என்றால் `sancharsaathi.gov.in` தளத்தில் இருக்கும் சக்ஷு பகுதியில் அதைப் புகாராகக் கொடுக்கலாம்.

வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் ‘உங்கள் தவறுதான்’ என்று இருக்கிறது என்றால், `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. ஆன்லைனில் தடுமாறினால் 14448-க்கு அழைத்து வழி கேட்கலாம். அந்த மனுவில் இணைக்க வேண்டியவை மூன்றுதான்: ஸ்கிரீன்ஷாட், 1930 புகார் எண், வங்கியிடம் முதலில் சொன்ன தேதியும் நேரமும்.